பெயரும் நேரமும் சொல்லி ஒரு நன்றி

2025 செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், பதினொன்றரை மணிக்கு என் டீமுக்கு நான் நன்றி சொல்லிப் பேச வேண்டும். முந்தைய நாள் ஒரு தாளில் ஆறு வரி எழுதி வைத்திருந்தேன். ‘எல்லாரும் ராத்திரி பகல் பாக்காம உழைச்சீங்க, டீம் ஒர்க்னா இதுதான், உங்களால பெருமைப்படுறேன்’ என்கிற மாதிரி. படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளைப் பக்கத்து டீமின் லீட் எடுத்துக்கொண்டு போய் அப்படியே வாசித்தாலும் பொருந்தும். எங்கள் வேலை என்ன, யார் எதைச் செய்தார்கள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். அந்த இரண்டாவது தாளை எப்படித் தயாரித்தேன், அதில் என்ன இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைகளுக்கான பில் போடும் மென்பொருளை எங்கள் டீம் கவனித்துக்கொள்கிறது. செப்டம்பர் 3-ம் தேதி இரவு, ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து புதிய வரி விகிதங்களை அறிவித்தார்கள். 12 சதவீதம், 28 சதவீதம் என்ற இரண்டு படிகளும் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்தன. மருந்துகளில் பெரும்பாலானவை 12-லிருந்து 5-க்கு இறங்கின. உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு வரியே இல்லை. மருந்துக்கடையில் விற்கும் பற்பசையும் ஷாம்பூவும் 18-லிருந்து 5-க்கு வந்தன. எல்லாம் செப்டம்பர் 22-ம் தேதி, நவராத்திரியின் முதல் நாளிலிருந்து அமல்.

பொதுமக்களுக்கு நல்ல செய்தி. எங்களுக்குக் கையில் இருந்தது 19 நாள். அதிலும், எந்தப் பொருளுக்கு என்ன வரி என்று துல்லியமாகச் சொல்லும் அரசாணை வெளியானது 17-ம் தேதிதான். அதுவரை பத்திரிகைக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்து, அதன்பின் வரிவரியாகச் சரிபார்த்தோம்.

‘12 என்பதை 5 என்று மாற்றினால் முடிந்தது, இதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்று வீட்டில்கூடக் கேட்டார்கள். எண்ணை மாற்றுவது கடினமில்லை. எந்த நொடியிலிருந்து மாற்றுவது, எந்தப் பில்லுக்கு மாற்றக் கூடாது என்பதுதான் கடினம். விற்கும் நாளில் என்ன வரியோ அதைத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் அந்த மருந்தைப் பழைய வரியில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாலும் 22-ம் தேதி விற்றால் புதிய வரிதான். ஆனால் 20-ம் தேதி விற்றதை வாடிக்கையாளர் 24-ம் தேதி திருப்பிக் கொடுத்தால், பழைய பில்லில் இருந்த வரியில்தான் கணக்கு முடிக்க வேண்டும். அலமாரியிலோ அட்டைகளில் பழைய விலையே அச்சாகியிருக்கும். இந்த மூன்று இடங்களிலும் நாங்கள் தடுக்கி விழப் பார்த்தோம். விழாமல் பிடித்தவர்கள் யார் என்று சொல்வதுதான் நன்றியுரையின் வேலை என்று எனக்குத் தோன்றியது.

தாளுக்கு முன்னால் பதிவுகள்

நினைவை மட்டும் நம்பி நன்றி சொன்னால், என் கண்முன் உழைத்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். என் இருக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர், கூட்டங்களில் நன்றாகப் பேசுபவர், நள்ளிரவில் எனக்குப் போன் செய்தவர். மற்றவர்கள் விட்டுப்போவார்கள். அதனால் திங்கட்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, 19 நாள் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் கோடு சேமிக்கும் இடத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
git shortlog -sn --no-merges v4.1..v4.2
```

முந்தைய வெளியீட்டுக்கும் இந்த வெளியீட்டுக்கும் நடுவில் யார் எத்தனை தடவை கோடு மாற்றினார்கள் என்று இது வரிசைப்படுத்திக் காட்டும். முதலிடத்தில் இருந்தவர் பெயருக்கு முன்னால் 61 என்று வந்தது. போன வருடம் சேர்ந்த ஃப்ரெஷர் தம்பிக்கு 3. எங்கள் டெஸ்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரும் இல்லை, விலைப்பட்டியல்களைச் சரிபார்த்த அக்காவும் இல்லை. இந்தப் பட்டியலை வைத்து நன்றி சொன்னால், அதிகம் தட்டச்சு செய்தவருக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். அந்த 61 மாற்றங்களும் தேவையானவைதான். ஆனால் ஒரே ஒரு வரியைச் சரிசெய்த மாற்றம்தான் வெளியீட்டைக் காப்பாற்றியது என்பதை எண்ணிக்கை சொல்லாது.

அடுத்து டிக்கெட்டுகளைப் படித்தேன். ஒவ்வொரு பிழையையும் யார் பதிவு செய்தார், யார் என்ன கேட்டார், எந்த இடத்தில் பேச்சு திரும்பியது என்பதெல்லாம் அங்கே இருந்தன. டீமின் குரூப்பில் வந்த செய்திகளை நேரத்தோடு பார்த்தேன். கடைசியாக, ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இந்த மூணு வாரத்துல நீங்க மாட்டிக்கிட்டு நின்னப்போ, யாரு வந்து கை குடுத்தாங்க?” நீ என்ன செய்தாய் என்று கேட்டிருந்தால் கூச்சப்பட்டிருப்பார்கள். மற்றவரைப் பற்றிக் கேட்டதால் தாராளமாகச் சொன்னார்கள். என் பதிவுகள் எதிலும் இல்லாத பெயர்கள் அப்போதுதான் கிடைத்தன.

மேலாண்மைத் துறையில் நெல்சன் ரெப்பெனிங், ஜான் ஸ்டெர்மன் என்ற இரு பேராசிரியர்கள் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடக்காமல் போன பிரச்சினையைத் தீர்த்தவருக்கு யாரும் பாராட்டுத் தருவதில்லை என்பதே அதன் தலைப்பின் சாரம். தீ பிடித்தபின் அணைப்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள். பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நிறுவனங்கள் தம்மையறியாமல் தீயணைப்பவர்களையே வளர்க்கின்றன. எங்கள் வெளியீட்டுக்கு இது அப்படியே பொருந்தியது. அன்று இரவு எதுவும் உடையவில்லை. ஏன் உடையவில்லை என்பதை நான்தான் தேடி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நள்ளிரவு என்றால் எந்த நள்ளிரவு?

பேச்சை ஃப்ரெஷர் தம்பியிலிருந்து ஆரம்பித்தேன். அன்று பெயர் சொல்லித்தான் பேசினேன். அவர்களுடைய பெயர்களைப் பத்திரிகையில் போடுவது முறையல்ல என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

புதிய வரி 22-ம் தேதி அமலுக்கு வருகிறதா என்று சோதிக்க, நாங்கள் எல்லாரும் சோதனை சர்வரில் தேதியை மட்டும் 22 என்று மாற்றிவிட்டுப் பில் போட்டுப் பார்த்தோம். காலை பதினோரு மணிக்கோ மதியம் மூன்று மணிக்கோ உட்கார்ந்து சோதித்தால், சர்வரிலும் அதே மணிதான் ஓடும். 5 சதவீதம் சரியாக வந்தது. பச்சை டிக் போட்டுவிட்டோம்.

தம்பி மட்டும் ‘நள்ளிரவு முதல்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, நேரத்தையும் 12:10 என்று மாற்றி ஒரு பில் போட்டார். 12 சதவீதம் வந்தது. தான்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் பழைய வரி. இரவு 9:40-க்கு குரூப்பில் எழுதினார்: “இது என் தப்பா இருக்கலாம். ஆனா 12:10-க்கு பழைய ரேட்தான் வருது.”

காரணம் எளிது. எங்கள் சர்வர்கள் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நமக்கு 22-ம் தேதி நள்ளிரவு 12 மணி என்றால், சர்வருக்கு அது இன்னும் 21-ம் தேதி மாலை 6:30. சர்வரின் கணக்கில் 22-ம் தேதி பிறக்கும்போது நமக்கு விடிகாலை 5:30 ஆகிவிடும். சரிசெய்தது ஒரே ஒரு வரி.

```
valid_from = '2025-09-22'               -- முன்பு
valid_from = '2025-09-21 18:30:00+00'   -- பின்பு
```

இரண்டாவது வரியில் 21 என்று இருப்பதைப் பார்த்தால் தப்பு போலத் தோன்றும். அதுதான் சரி. அதை விட்டிருந்தால், இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடைகளில் ஐந்தரை மணி நேரத்துக்குப் பழைய வரி வாங்கியிருப்போம். அந்த நேரத்தில் மருந்து வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவருபவர்கள்.

தம்பியைப் பார்த்து நான் சொன்னது இதுதான். “நாங்க எல்லாரும் தேதியை மட்டும் மாத்தினோம். நீ நேரத்தையும் மாத்தின. அதைவிட முக்கியமா, நீ பண்ணது தப்பா இருக்கும்னு நெனச்சும் குரூப்ல கேட்ட. மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா, இவ்வளவு வேலைக்கு நடுவுல அது மறந்தே போயிருக்கும். ஞாயித்துக்கிழமை நைட் 12:04-க்கு அடையாறு கடையில மொத பில் 5 பர்சென்ட்ல வந்துச்சு. அது உன்னால வந்த பில்.”

இந்த மூன்று பகுதிகளையும் எல்லாருக்கும் சொல்ல முயன்றேன். நீ எதைப் பார்த்தாய், என்ன செய்தாய், செய்யாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும். சாரா ஆல்கோ என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு இதில் உதவியது. அது தம்பதியரை வைத்துச் செய்த ஆய்வு, அலுவலகத்தை வைத்துச் செய்ததல்ல. நன்றி சொல்லும்போது நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். ‘எனக்கு எவ்வளவு நிம்மதி’ என்று நம் பலனைச் சொல்வது ஒன்று. ‘நீ எவ்வளவு கவனமாகச் செய்தாய்’ என்று அவர் செய்கையைச் சொல்வது இன்னொன்று. கேட்பவர் மனதில் நெருக்கத்தை உண்டாக்குவது இரண்டாவதுதான் என்று அவர்கள் கண்டார்கள். என் முதல் தாளில் ‘பெருமைப்படுறேன்’ என்று என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

கையெழுத்துப் போட மறுத்தவர்

இரண்டாவது நன்றி எங்கள் டெஸ்டருக்கு. 18-ம் தேதி வியாழக்கிழமை மாலை, வெளியீட்டுக்கு ஒப்புதல் கொடுக்கச் சொல்லி எல்லாரும் அவரைச் சுற்றி நின்றோம். அவர் கொடுக்கவில்லை. “ரிட்டர்ன் இன்னும் பாக்கல” என்றார். நான் சற்றுச் சலிப்போடுதான், “ரிட்டர்ன் ஸ்கிரீன்ல நாம கையே வைக்கலையே” என்றேன். “கை வைக்கலைங்கிறதாலதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு மாத்திரை அட்டையின் அதிகபட்ச விலை 112 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 ரூபாய் பொருளின் விலை, 12 ரூபாய் வரி. வரி 5 சதவீதம் ஆனால் விலை 105 ரூபாய். 20-ம் தேதி 112 கொடுத்து வாங்கியவர், டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார் என்று 24-ம் தேதி பிரிக்காத அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்கு 112 ரூபாய் திரும்பக் கிடைக்க வேண்டும். எங்கள் திரை 105 என்று காட்டியது. பழைய பில்லில் இருந்த தொகையை எடுக்காமல், அன்றைய விலையை எடுத்துக் கணக்குப் போட்டது. ஓர் அட்டைக்கு ஏழு ரூபாய் நஷ்டம். மாதாந்தர மருந்து மொத்தமாக வாங்குகிற முதியவருக்கு அது பெரிய தொகை. கடைக்காரருக்கு வரிக் கணக்கே உதைக்கும்.

இந்த நன்றியில் ஓர் இடறல் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவரை எல்லார் முன்னாலும் பாராட்டினால், பிழையான கோடு எழுதியவரை எல்லார் முன்னாலும் குற்றம் சொன்னதாகிவிடும். அவரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் பேசுவதற்கு முன்பே அவரைத் தனியாகப் பார்த்து, என்ன சொல்லப்போகிறேன் என்று வாசித்துக் காட்டினேன். கூட்டத்தில் இப்படிச் சொன்னேன்: “அந்த ஸ்கிரீன் எழுதினப்போ, விக்கிறதுக்கும் திருப்பித் தர்றதுக்கும் நடுவுல வரி மாறும்னு யாரும் யோசிக்கல. அதை ரிவ்யூ பண்ணி ஓகே சொன்னது நான். தப்பு தெரிஞ்ச ரெண்டு மணி நேரத்துல அவர் சரி பண்ணிட்டார். ஆனா அதைத் தேடிப் போனது இவங்க. அன்னிக்கு நாங்க அஞ்சு பேர் சுத்தி நின்னு அவசரப்படுத்தினோம். அந்த அவசரத்துக்கு நடுவுல முடியாதுன்னு சொன்னதுக்குத்தான் இந்த நன்றி.”

இரண்டு முறை குறைந்த விலை

விலைப்பட்டியல் பார்க்கும் அக்கா கூட்டத்தில் வாயே திறக்காதவர். மருந்து நிறுவனங்கள் திருத்திய விலைப்பட்டியலைக் கடைகளுக்குத் தர வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. அலமாரியில் இருக்கும் ஒவ்வோர் அட்டையையும் திரும்ப வாங்கி ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை. புதிய விலைக்கு விற்றால் போதும். அந்தப் பட்டியல்கள் எங்களுக்கு ஆளுக்கொரு வடிவத்தில் வந்தன. எக்செலில் சில, படமாக ஸ்கேன் செய்தவை சில. அவற்றைப் பொருள் பொருளாகப் பொருத்திப் பார்த்தது அக்காதான்.

பட்டியல் வராத மருந்துகளுக்கு, பழைய விலையிலிருந்து வரியைக் கழித்துப் புதிய விலையைக் கணக்கிடும் ஒரு நிரல் எழுதியிருந்தோம். சனிக்கிழமை அதன் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒரு மருந்தில் நின்றார். ஒரு பேட்ச் 105 ரூபாய், அதே மருந்தின் இன்னொரு பேட்ச் 98 ரூபாய் 44 காசு. புதிய விலை அச்சிட்ட சரக்கு அதற்குள்ளாகவே ஒரு கடைக்கு வந்திருந்தது. ஏற்கெனவே குறைந்திருந்த 105-ஐ எங்கள் நிரல் பழைய விலை என்று நினைத்து இன்னொரு முறை குறைத்துவிட்டது. காசு கணக்கில் முடிகிற விலையைப் பார்த்ததும் சந்தேகம் வந்ததாக அக்கா பிறகு சொன்னார். அதன்பின் பேட்ச் வாரியாகப் பிரித்து, புதிய விலை அச்சானவற்றை நிரல் தொடாதபடி செய்தோம்.

எல்லார் முன்னாலும் பேசினால் தனக்குச் சங்கடமாக இருக்கும் என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். அதனால் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, “98 ரூபா 44 காசைப் பாத்து நின்னவங்க” என்று ஒரே வரியில் முடித்தேன். மீதியை ஒரு கடிதமாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். அதன் பிரதியை அவருடைய மேலாளருக்கும் அனுப்பினேன். வருடாந்தர மதிப்பீடு வரும்போது, பேச்சு காற்றோடு போயிருக்கும். எழுத்து இருக்கும்.

யாரும் தொடாத பொத்தான்

நான்காவது நன்றி, சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு. வெளியீடு சொதப்பினால் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்; அதை ரோல்பேக் என்பார்கள். எல்லா டீமும் அதற்கு ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கும். எழுதியதைச் செய்து பார்த்தவர்கள் குறைவு. இவர் சனிக்கிழமை இரவு, உண்மையான தரவின் நகலை வைத்து முழுதாக ஒத்திகை பார்த்தார். முதல் ஒத்திகையில் ஐம்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் கடைகளில் பில் போட முடியாமல் நிற்க முடியாது என்று, தடங்கல் எங்கே என்று தேடி, இரண்டாவது ஒத்திகையில் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். ஞாயிறு இரவு அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை.

“நீங்க பண்ணின வேலை எதுவும் யூஸ் ஆகல. யூஸ் ஆகாம போனதுதான் நமக்கு நல்லது. ஆனா பன்னெண்டு நிமிஷத்துல திரும்பிடலாம்னு தெரிஞ்சதாலதான் நான் 11:45-க்கு கை நடுங்காம சரின்னு சொன்னேன்” என்றேன். அந்த அறையில் நிறையப் பேருக்கு அப்படி ஓர் ஒத்திகை நடந்ததே அப்போதுதான் தெரியும்.

அன்று இரவு எங்களோடு போனில் இருந்த இன்னொருவர் எங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவரே அல்ல. அடையாறு கடையின் இரவுப் பணி மருந்தாளுநர். 12:04-க்கு வந்த முதல் பில்லை, ஒரு ரத்த அழுத்த மாத்திரையும் ஒரு பற்பசையும் இருந்த பில்லை, வரிவரியாக எங்களுக்கு வாசித்துக் காட்டியவர். அவருக்கு டீம் சார்பில் போன் செய்து நன்றி சொன்னோம் என்பதையும் பேச்சில் சேர்த்தேன்.

நான் செய்த தவறும், தேதி போட்ட விடுப்பும்

களைத்துப்போனவர்களிடம் நன்றி மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்தக் களைப்பில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு நானாகச் சுமத்தியது என்று அவர்களுக்குத் தெரியும்.

19 நாள் கெடு அரசு வைத்தது. ஆனால் 8-ம் தேதி வாடிக்கையாளர் ஒருவர், இதே வெளியீட்டில் பரிசுப் புள்ளிகளுக்கான திரையையும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டபோது, டீமைக் கேட்காமல் சரி என்றது நான். இரண்டு பேர் ஒரு வாரம் அதில் உழைத்தார்கள். 15-ம் தேதி அதை வெளியீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அந்த ஒரு வாரம் இருந்திருந்தால் கடைசி இரண்டு இரவுகள் தேவைப்பட்டிருக்காது. இதைப் பேச்சில் அப்படியே சொன்னேன். “இனிமே தேதி குறிச்ச ரிலீஸ்ல புதுசா ஒண்ணு சேக்கணும்னா, உங்ககிட்ட கேக்காம நான் சரி சொல்ல மாட்டேன்” என்று சொல்லி, அதை வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்திருப்பதைத் திரையில் காட்டினேன்.

விழித்திருந்ததை நான் பாராட்டவில்லை. கண்விழிப்பைப் பாராட்டினால், அடுத்த முறையும் விழிக்க வேண்டும் என்று டீம் புரிந்துகொள்ளும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆறு மணிக்குக் கிளம்பிப் போனவர், தன்னைச் சேர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். அவர் அன்று மாலை கிளம்புமுன் எழுதி வைத்துவிட்டுப் போன இரண்டு பக்கக் குறிப்பை வைத்துத்தான் அடுத்தவர் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் குறிப்பைப் பாராட்டினேன்.

விடுப்பைப் பற்றியும் தெளிவாகச் சொன்னேன். ‘எல்லாரும் ரெஸ்ட் எடுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு நாள் கம்ப் ஆஃப், யாருக்கு எந்தத் தேதி, அந்த நாளில் அவருடைய வேலையை யார் பார்ப்பார் என்பதை நாள்காட்டியில் குறித்து, மேலிடத்து அனுமதியும் வாங்கிய பிறகுதான் எழுந்து பேசினேன்.

திருத்தப்பட்ட நன்றி

மொத்தம் பதினொரு நிமிடம் பேசினேன். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் சப்போர்ட் டீம், மேஜை மேல் வைத்த திரையில் கேட்டுக்கொண்டிருந்தது. பேசி முடித்து எல்லாரும் கை தட்டும்போது, டெஸ்டர் கையை உயர்த்தினார்.

“ஒண்ணு திருத்தணும். ரிட்டர்ன் ஸ்கிரீனைப் பாக்கணும்னு எனக்கா தோணல. போன வருஷம் சப்போர்ட்ல இருந்து அண்ணன் ஒரு டிக்கெட் போட்டிருந்தார். விலை மாறின ஒரு மருந்தைத் திருப்பிக் கொடுத்த கஸ்டமருக்குக் கொறச்சலா பணம் வந்துச்சுன்னு. அது முன்னுரிமை இல்லைன்னு மூடிட்டாங்க. எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு, அவ்வளவுதான்.”

திரையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் நிமிர்ந்தார். அந்த டிக்கெட்டை மூடியது நான்தான். நான் தேடியது இந்த 19 நாள் பதிவுகளை மட்டும். அது அதற்கு முந்தைய வருடத்துப் பதிவு. “அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னது சரி, நான்தான் கவனிக்கல” என்றேன். “பரவால்ல தம்பி, அந்தக் கஸ்டமருக்கு அன்னிக்கே நான் கடையில பேசி மீதிப் பணத்தை வாங்கிக் குடுத்துட்டேன்” என்றார்.

அன்று நான் கிழித்துப் போட்ட முதல் தாளை யாரும் இப்படித் திருத்தியிருக்க முடியாது. ‘எல்லாரும் நல்லா உழைச்சீங்க’ என்பதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? யாரிடம், எந்த நாள், எதை என்று சொன்னதால்தான், அது தப்பு என்று ஒருவரால் கை தூக்க முடிந்தது. விட்டுப்போன பெயர் வந்து சேர முடிந்தது. கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பழைய டிக்கெட்டை மறுபடி திறந்தேன். நாங்கள் சரிசெய்த கோடுக்கு அதில் இணைப்புக் கொடுத்து, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதிவிட்டு, முறையாக மூடினேன்.